தோற்றுப்போன கேம்பெய்னுக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை: யார் மீதும் பழி போடாமல் எழுதுவது எப்படி

இந்த அறிக்கையை முதல்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெற்றுத்தாளைத் திறந்ததும் "காரணங்கள்" என்று தலைப்புப் போட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. ஆனால் ஆளுக்கொரு கதைதான் தெரிந்திருக்கும். கதை பொருந்தாத இடத்தில் காரணம் தேடினால், கையில் கிடைப்பது ஒரு மனிதரின் பெயர்தான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஆதாரம், அடுத்து எண்கள், அப்புறம் காலவரிசை, அதன் பிறகே காரணம், கடைசியில் பாடம். விளக்குவதற்கு ஒரே ஒரு கேம்பெய்னைக் கடைசி வரை கூட வைத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குப் போட வசதியாக நானே அமைத்திருக்கிறேன்.

இணையத்தில் வகுப்பு நடத்தும் ஒரு சேவை. சந்தா காலாவதியான உறுப்பினர்களைத் தள்ளுபடி கொடுத்துத் திரும்ப அழைக்க 10 நாள் கேம்பெய்ன். வழி இரண்டு: மின்னஞ்சலும் விளம்பரமும். இலக்கு 400 புதுப்பித்தல். கிடைத்தது 92.

## 1. எழுதும் முன்: ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள்

கேம்பெய்ன் முடிந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். அறிக்கையை ஒரு வாரம் கழித்து எழுதலாம், ஆதாரம் காத்திருக்காது. கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதிக்கான விவரத் தரவு, அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், 2 மாதம்தான் இருக்கும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய உரையாடல் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரத்தை யாராவது திருத்திவிட்டால் பழைய வடிவம் பார்க்கக் கிடைக்காமல் போகலாம்.

ஒரு கோப்புறையில் இவற்றைச் சேருங்கள்: இலக்கு எழுதிய முதல் திட்டக் குறிப்பு, அனுப்பிய மின்னஞ்சல்கள், லேண்டிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விளம்பரக் கணக்கின் மாற்ற வரலாறு, இணையதளத்தில் அந்த நாட்களில் நடந்த மாற்றங்களின் பட்டியல், சப்போர்ட் டீமுக்கு வந்த புகார்கள், டீம் பேசிய உரையாடல். கடைசி மூன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் உதாரணத்தில் விஷயம் முழுக்க அந்த மூன்றில்தான் இருந்தது.

இரண்டு எச்சரிக்கை. விளம்பரக் கணக்கு ஒரு நேர மண்டலத்திலும் அனலிட்டிக்ஸ் இன்னொன்றிலும் இருக்கலாம். எல்லா நேரத்தையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அதை முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் விளைவு முன்னாலும் காரணம் பின்னாலும் வந்து நிற்கும். அடுத்து, மின்னஞ்சல் எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள். 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பு இயங்கும்போது, பெறுபவர் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. படிக்காத மின்னஞ்சலும் திறந்ததாகக் கணக்காகும். கிளிக் எண்ணிக்கை அதைவிட நம்பகமானது.

அறிக்கையை எழுதுபவர் கேம்பெய்னை நடத்தியவராக இருக்க வேண்டாம். விவரம் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்த, அந்த வேலையில் நேரடியாக இல்லாத ஒருவர் போதும். நடத்தியவரே எழுதினால் ஒன்று தன்னைக் காத்துக்கொள்வார், இல்லை தேவைக்கு மேல் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். நான் அதிகம் பார்த்தது இரண்டாவதை.

## 2. முதல் பக்கம்: எதிர்பார்த்தது, கிடைத்தது

இங்கே விளக்கம் எதுவும் வேண்டாம், எண்கள் மட்டும்.

மின்னஞ்சல் அனுப்பியது 18,000 பேருக்கு. இரண்டு மின்னஞ்சலுக்கும் சேர்த்துக் கிளிக் 1,100. விளம்பரக் கிளிக் 5,800. ஆக, பக்கத்துக்கு வந்தவை மொத்தம் 6,900 வருகை. புதுப்பித்தல் 92, இலக்கு 400.

இதோடு இன்னொரு வரி கட்டாயம்: அந்த இலக்கு எங்கிருந்து வந்தது? திட்டக் குறிப்பில் தேடினால், போன கேம்பெய்னில் வருகையில் 5.8 சதவீதம் புதுப்பித்தலானது, அதே விகிதத்தில் இதற்கும் 400 என்று போட்டிருந்தது. இப்போதைக்கு இதை அப்படியே எழுதிவிட்டு நகருங்கள். ஆறாவது படியில் இந்த வரிக்குத் திரும்ப வருவோம்.

## 3. காலவரிசை: நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்

ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: நேரம், யார் என்ன செய்தார், அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, இதற்கு ஆதாரம் எங்கே. மூன்றாவதுதான் இந்த அறிக்கையின் உயிர். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லாத் தவறும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு அந்த மனிதரின் திரையில் என்ன இருந்தது என்று எழுதினால்தான் அவர் செய்தது ஏன் அப்போது சரியாகப் பட்டது என்பது புரியும்.

நம் உதாரணத்தின் காலவரிசை இப்படிப் போகிறது.

வியாழன், மாலை 3:00. மின்னஞ்சல் பொறுப்பாளர் மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பைக் கைபேசியிலும் கணினியிலும் சோதித்தார். தள்ளுபடி தானாகவே விலையில் கழிந்தது. அவருக்குத் தெரிந்தது: இணைப்பு வேலை செய்கிறது. ஆதாரம்: சோதனைப் பட்டியல்.

சனி, இரவு 10:00. இணையதள டீம் பழைய பக்கத்தைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்டைப் போட்டது. அவர்களுக்குத் தெரிந்தது: பழைய முகவரிக்கு யாரும் புதிதாக இணைப்பு கொடுக்கவில்லை. ஆதாரம்: இணையதள மாற்றப் பட்டியல்.

திங்கள், காலை 9:00. கேம்பெய்ன் தொடங்கியது.

திங்கள், 11:20. "தள்ளுபடி காட்டவில்லை" என்று சப்போர்ட்டுக்கு முதல் செய்தி வந்தது. சப்போர்ட் ஊழியர் கூப்பன் குறியீட்டைக் கையால் அனுப்பி, வாடிக்கையாளருக்கு வேலையை முடித்துக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது: இந்த ஒருவருக்கு மட்டும் சிக்கல்.

செவ்வாய், 10:00. மின்னஞ்சல் வழியாக வந்தவர்கள் 9 பேர் மட்டும் என்று டாஷ்போர்டு காட்டியது. மின்னஞ்சலின் தலைப்பு ஈர்க்கவில்லை என்று டீம் முடிவுக்கு வந்தது.

புதன், 9:00. புதிய தலைப்போடு இரண்டாவது மின்னஞ்சல் போனது. முதல் மின்னஞ்சலைவிட அதிகம் பேர் பட்டியலிலிருந்து விலகினார்கள்.

சனி, மாலை 4:00. சப்போர்ட் தலைவர் வாரத் தொகுப்பை எழுதும்போது ஒரே மாதிரி 14 புகார் இருப்பதைக் கவனித்து கேம்பெய்ன் டீமுக்குச் சொன்னார்.

சனி, 5:10. ரீடைரெக்ட் சரி செய்யப்பட்டது.

நடந்தது இதுதான். மின்னஞ்சலில் இருந்த இணைப்பு முதல் வரி. வாடிக்கையாளர் போய்ச் சேர்ந்தது இரண்டாவது வரி.

```
https://example.com/renew?utm_source=email&coupon=BACK20
https://example.com/membership
```

கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ரீடைரெக்டில் உதிர்ந்துபோனது. `coupon` போனதால் வந்தவர்கள் முழு விலையைப் பார்த்தார்கள். `utm_source` போனதால், மின்னஞ்சலிலிருந்து வந்தவர்கள் அனலிட்டிக்ஸில் "நேரடி" வருகை என்று பதிவானார்கள். அதனால்தான் செவ்வாயன்று 9 பேர். மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளில் கிளிக் அதே நேரம் 600-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் டீம் தினமும் பார்க்கும் டாஷ்போர்டில் அந்த எண் இல்லை.

புதியவர்கள் இந்தப் படியில் செய்யும் தவறு, காலவரிசையைக் கேம்பெய்ன் தொடங்கிய நாளிலிருந்து எழுதுவது. திங்களிலிருந்து எழுதியிருந்தால் வியாழன் சோதனையும் சனி ரீடைரெக்டும் தாளிலேயே வந்திருக்காது. கடைசியாக "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று உறுதி செய்த தருணத்துக்கும் முன்னால் போய்த் தொடங்குங்கள்.

## 4. வாக்கியங்களைச் சலியுங்கள்

காலவரிசை முடிந்ததும், காரணத்துக்குப் போகும் முன், எழுதியதை மொழிக்காக ஒருமுறை படியுங்கள். கோப்பில் "திருக்க வேண்டும்", "திருந்தால்" என்று தேடிப்பாருங்கள். "மறுபடி சோதித்திருக்க வேண்டும்", "கவனித்திருந்தால்" போன்ற வாக்கியங்கள் எல்லாம் வந்து விழும். அவை நடக்காத ஒன்றைச் சொல்கின்றன. இந்த அறிக்கை நடந்ததைச் சொல்லும் இடம்.

"மின்னஞ்சல் பொறுப்பாளர் இணைப்பைச் சரியாகச் சோதிக்கவில்லை" என்பது தீர்ப்பு. "சோதனை வியாழன் 3 மணிக்கு நடந்தது, ரீடைரெக்ட் சனி 10 மணிக்கு வந்தது, இடையில் வந்த மாற்றத்தை மின்னஞ்சல் டீமுக்குத் தெரிவிக்கும் வழி இல்லை" என்பது தகவல். இரண்டாவதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். முதலாவதை வைத்துக்கொண்டு அந்த மனிதரைத் தலைகுனிய வைக்க மட்டும்தான் முடியும். "அலட்சியம்", "கவனக்குறைவு", "வழக்கம்போல" என்ற சொற்களையும் இதே கையோடு எடுத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, தமிழில் அது ரொம்பச் சுலபம். யாரையும் சுட்டக்கூடாது என்று நினைத்து "அனுப்பப்பட்டது", "மாற்றப்பட்டது", "தவறு நேர்ந்தது" என்று எழுவாயே இல்லாமல் எழுதிவிடுகிறோம். பழி சொல்லாமல் இருப்பது வேறு, செய்தவரை மறைப்பது வேறு. எந்தப் பொறுப்பில் இருந்தவர் செய்தார் என்பது தெரியாவிட்டால் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்றும் கேட்க முடியாது. மேலே காலவரிசையில் நானே சனிக்கிழமை 5:10-க்கு "சரி செய்யப்பட்டது" என்று விட்டிருக்கிறேன், பாருங்கள். "இணையதள டீமின் பணிநேரப் பொறியாளர் சரி செய்தார்" என்பதே சரியான பதிவு.

காலவரிசையில் ஆளின் பெயர் வேண்டாம், பொறுப்பின் பெயர் போதும். ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே செய்த மோசடியோ ஒழுங்கு மீறலோ தெரியவந்தால் அது இந்த அறிக்கைக்குள் வரக்கூடாது. அதற்கு நிறுவனத்தில் வேறு வழிமுறை இருக்கும். இரண்டையும் கலந்தால் அடுத்தமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

## 5. காரணங்களை மூன்று கேள்வியாகப் பிரியுங்கள்

"ஏன், ஏன்" என்று ஐந்து முறை கேட்டு ஒரே மூலக்காரணத்துக்குப் போகும் முறை பலருக்குப் பழக்கம். கேம்பெய்னுக்கு அது சரிப்படுவதில்லை. நேர்க்கோட்டில் போய்க் கடைசியில் ஏதோ ஒரு ஆளிடமோ ஒரு டீமிடமோ முட்டி நிற்கும். நம் உதாரணத்தில் அது இணையதள டீம் வாசலில் நின்றிருக்கும். அதற்குப் பதில் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சிக்கல் எப்படி உருவானது? ரீடைரெக்ட் இணைப்பின் பிற்பகுதியை ஏந்திச் செல்லவில்லை. அந்த முகவரி வரப்போகும் கேம்பெய்னில் இருக்கிறது என்பது இணையதள டீம் பார்க்கும் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஏன் இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்தது? முதல் புகாருக்கும் திருத்தத்துக்கும் இடையே 5 நாளுக்கு மேல். சப்போர்ட் டீம் நன்றாக வேலை செய்தது என்பதும் இதற்கு ஒரு காரணம். ஒவ்வொருவருக்கும் உடனே கூப்பன் கொடுத்துத் தீர்த்துவைத்ததால், 14 சிக்கலும் 14 தனிச் சிக்கலாக மூடப்பட்டன. கேம்பெய்ன் நடப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

எது சேதத்தைக் கூட்டியது? டாஷ்போர்டில் ஒரே மூலத்தின் எண் மட்டும் இருந்தது. அதை நம்பி இரண்டாவது மின்னஞ்சல் போனது. கண்ணில் பட்ட எண்ணுக்கு அது நியாயமான முடிவுதான்.

இரண்டாவது கேள்வியில் அதிக நேரம் நில்லுங்கள். சிக்கல் உருவாவதை முழுக்கத் தடுக்க முடியாது. 5 நாளை 5 மணி நேரமாகக் குறைக்க முடியும்.

## 6. கண்டுபிடித்த காரணம் எவ்வளவை விளக்குகிறது?

பெரும்பாலான அறிக்கைகளில் இந்தப் படியே இல்லை. ஒரு நல்ல காரணம் கிடைத்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. அங்கேயே நிற்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திருத்தத்துக்கு முன் 4,300 வருகை, 31 புதுப்பித்தல், அதாவது 0.72 சதவீதம். திருத்தத்துக்குப் பின் 2,600 வருகை, 61 புதுப்பித்தல்; 2.35 சதவீதம். முதல் நாளிலிருந்தே இணைப்பு சரியாக இருந்து, அந்த 4,300-லும் 2.35 சதவீதம் நடந்திருந்தால் சுமார் 101 வந்திருக்கும். கிடைத்த 31-ஐக் கழித்தால் இழப்பு சுமார் 70.

இலக்கில் குறைந்தது 308. ரீடைரெக்ட் விளக்குவது அதில் 70-ஐ மட்டும். மீதி 238 எங்கே?

இப்போது இரண்டாவது படியில் எழுதிவைத்த வரிக்குத் திரும்புங்கள். போன கேம்பெய்ன் சந்தா முடிந்து 30 நாளுக்குள் இருந்தவர்களுக்கு மின்னஞ்சலில் மட்டும் போனது. இந்தமுறை ஓராண்டுக்கு முன் விலகியவர்களும் பட்டியலில் இருந்தார்கள். வருகையில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. அந்த 5.8 சதவீதம் வேறொரு கூட்டத்தின் எண். அதை இங்கே பொருத்தியதால், ரீடைரெக்ட் சிக்கல் வராமலே இருந்திருந்தாலும் சுமார் 162-இல் நின்றிருக்கும்.

இந்தக் கணக்கு துல்லியமானதல்ல என்பதையும் அறிக்கையிலேயே எழுதுங்கள். திருத்தத்துக்குப் பின் வந்தவர்களில் சிலர் முன்பே முழு விலையைப் பார்த்துவிட்டுப் போனவர்களாக இருக்கலாம். கடைசி நாட்களில் அவசரத்தில் வாங்குபவர்களும் கூடுவார்கள். ஆனால் 162 என்பது 120 ஆனாலும் 200 ஆனாலும், 400-க்குப் பக்கத்தில் வராது. முடிவுக்கு அவ்வளவு போதும்.

இங்கேதான் பழி போடாமல் எழுதுவதன் பலன் நேரடியாகத் தெரிகிறது. இணையதள டீமைக் கைகாட்டி முடித்திருந்தால் அடுத்த கேம்பெய்னும் அதே 5.8 சதவீதத்தோடு தொடங்கியிருக்கும்.

## 7. வரைவோடு கூட்டத்துக்குப் போங்கள்

வெற்றுத்தாளோடு கூட்டம் போடாதீர்கள். காலவரிசை வரைவை ஒரு நாள் முன்னதாக அனுப்பி, தவறான நேரம், விடுபட்ட நிகழ்வு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மணி நேரம் போதும்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்வதை விட்டுக் காரணம் கற்பிக்கத் தொடங்குவார். "அப்போது திரையில் என்ன பார்த்தீர்கள்?", "அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். சப்போர்ட் டீமிலிருந்து ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். மேலதிகாரி கலந்துகொண்டால் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் ஒரு காரணம் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதைச் சுற்றியே பேசுவார்கள்.

## 8. பாடங்களை வேலையாக மாற்றுங்கள்

"இனி கவனமாக இருப்போம்", "தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்" இரண்டும் வேலையல்ல. செய்து முடித்தோமா என்று சோதிக்க முடியாத எதையும் பட்டியலில் விடாதீர்கள். மூன்று வேலைக்கு மேலும் வேண்டாம். பன்னிரண்டு எழுதினால் ஒன்றும் நடக்காது. காலவரிசையில் பெயர் வேண்டாம் என்றோம், இங்கே வேண்டும்: ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர், ஒரே தேதி. பொறுப்பு எடுப்பவர், சிக்கலோடு தொடர்புடையவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அவரிடமே திணித்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

நம் உதாரணத்தின் மூன்று வேலை:

ஒன்று, கேம்பெய்ன் தொடங்கிய 30 நிமிடத்துக்குள், வாடிக்கையாளருக்குப் போன அதே மின்னஞ்சலிலிருந்து கிளிக் செய்து விலைப்பக்கம் வரை ஒருவர் போய்ப் பார்ப்பது. முன்கூட்டிய சோதனைக்கு இது மாற்றல்ல, கூடுதல்.

இரண்டு, சப்போர்ட் மென்பொருளில் கேம்பெய்னுக்கென்று ஒரு குறிச்சொல். ஒரே நாளில் அதில் 3 புகார் சேர்ந்தால் கேம்பெய்ன் டீமுக்குத் தானாகச் செய்தி போக வேண்டும்.

மூன்று, திட்டக் குறிப்பில் இலக்கு எண்ணுக்குப் பக்கத்தில் "இந்த விகிதம் எந்தப் பட்டியலிலிருந்து, எந்த வழியிலிருந்து எடுத்தது" என்ற கட்டாய வரி.

## 9. நிரப்ப வேண்டிய வெற்று வடிவம்

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முழு அறிக்கை நான்கு பக்கத்தைத் தாண்டினால் காலவரிசையை இணைப்பாகப் பின்னால் வையுங்கள்.

```
கேம்பெய்ன் / தேதிகள் / நேர மண்டலம்:
எழுதியவர் / வரைவைச் சரிபார்த்தவர்கள்:

1. எதிர்பார்த்தது | கிடைத்தது | இலக்கு எண் வந்த இடம்

2. காலவரிசை
   நேரம் | யார் (பொறுப்பு) என்ன செய்தார் |
   அப்போது தெரிந்திருந்தது | ஆதாரம்

3. காரணங்கள்
   உருவானது எப்படி:
   தெரிய நேரமானது ஏன்:
   சேதத்தைக் கூட்டியது எது:

4. ஒவ்வொரு காரணமும் விளக்கும் அளவு | விளக்கப்படாத மீதி

5. நன்றாக நடந்தவை

6. வேலைகள் (3-க்குள்)
   வேலை | பெயர் | தேதி | முடிந்ததை எப்படிச் சோதிப்பது

7. 30 நாள் கழித்து: முடிந்தவை / நின்றவை
```

ஐந்தாவதை ஆறுதலுக்காக நிரப்பாதீர்கள். நம் அறிக்கையில் அங்கே இருந்தது ஒரே வரி: சனிக்கிழமை புகார்த் தொகுப்பு வந்ததிலிருந்து திருத்தம் வரை 70 நிமிடம்தான் ஆனது. சரியான தகவல் சரியான டீமுக்குப் போனதும் வேலை வேகமாக நடந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். இரண்டாவது வேலையைப் பட்டியலில் சேர்த்ததும் அதைப் பார்த்துத்தான்.

ஏழாவது வரியை நிரப்பும் தேதியை, அறிக்கையை அனுப்பும் அன்றே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள். அந்த நாளில் "நின்றவை" பக்கம் ஏதாவது இருந்தால் அதற்கும் இதே கேள்விதான்: அந்த வேலையை எடுத்தவரின் முன்னால் அந்த மாதத்தில் வேறென்ன இருந்தது?